அஞ்சு விரலும் அகல

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குடியரசு தினத்தன்று, ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரலாற்றுக்காரன் இல்லை. பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை பார்ப்பவன், அதிலும் பாதி நாள் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய ரசீதுக் கட்டுகளோடு மல்லுக்கட்டுபவன். ஆனால் கல்வெட்டு என்றால் கொஞ்சம் பித்து உண்டு. அதனால் உத்திரமேரூரை எடுத்துக்கொண்டேன். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னாலேயே தமிழன் ஓட்டுப் போட்டான், கல்லிலே தேர்தல் சட்டம் எழுதி வைத்தான் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020-ல் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் அந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டதையும் சேர்த்துக்கொண்டேன். நல்ல கைதட்டல். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அந்தக் கல்வெட்டை எழுதினது யாரு?" என்று கேட்டான். யோசிக்கவே இல்லை. "பராந்தகச் சோழன்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. பராந்தகன் எழுதினான் என்று நான் எங்கே படித்தேன்? எங்கேயும் இல்லை. பராந்தகன் காலத்துக் கல்வெட்டு என்றுதான் படித்திருக்கிறேன். காலத்தைச் சொல்லும் பெயரை எழுதியவன் பெயராக வாய் தானாகவே மாற்றிவிட்டது. ஒரு ரசீதில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்ட ரூபாய் நோட்டு செருகியிருந்தால், அந்த ரசீதை எழுதியவர் கவர்னர் என்று சொல்வேனா? அந்த மாதிரித் தப்பு இது. வீட்டுக்கு வந்து கல்வெட்டின் முழுப் பாடத்தை எடுத்துக் கடைசி வரி வரை படித்தேன். அதுவரைக்கும் நானும் மற்றவர்களைப் போல நடுவில் இருக்கும் குடவோலைப் பகுதியை மட்டும்தான் படித்திருந்தேன்.

கடைசி வரி இது: "இப்பரிசு குறியுள் இருந்து பெருமக்கள் பணிக்க வ்யவஸ்தை எழுதினேன் மத்யஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்களப்ரியனேன்." சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து பெருமக்கள் சொல்லச் சொல்ல, இந்த ஏற்பாட்டை எழுதியவன் நான், மத்தியஸ்தன், அதாவது சபையின் எழுத்தும் கணக்கும் பார்ப்பவன். ஊர் பேர் தெரியாத யாரோ இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறார். பையன் கேட்ட கேள்விக்குப் பதில் கல்லிலேயே இருந்திருக்கிறது.

நாங்கள் என்பது யார்

சரி, எழுதியவர் மத்தியஸ்தன். ஆனால் பேசுவது அவர் இல்லை. கல்வெட்டு 'சபையோம்' என்று தன்னை அழைத்துக்கொள்கிறது. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையோம். சதுர்வேதிமங்கலம் என்ற பெயரே யார் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. இது பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். சபை என்பது அந்த ஊரில் நிலம் உடைய பிராமணர்களின் கூட்டம். அதே ஊரில் ஏர் ஓட்டியவர்கள், சட்டி பானை செய்தவர்கள், எண்ணெய் ஆட்டியவர்கள், ஏரியில் கரை வெட்டியவர்கள் இருந்திருப்பார்கள். இல்லாமல் ஊர் நடக்காது. அவர்கள் இந்த 'ஓம்' விகுதிக்குள் வரமாட்டார்கள். பெண்களும் வரமாட்டார்கள்.

இதை யாரோ இன்றைக்கு உட்கார்ந்து கண்டுபிடித்துக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. கல்வெட்டே ஒளிக்கவில்லை. குடத்தில் பேர் போட என்ன தகுதி? கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கு மேல். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். வேதத்தின் பகுதிகளான மந்திர பிராமணம் தெரிந்து, அதை இன்னொருவருக்கு ஓதுவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. அரைக்கால் வேலிதான் இருக்கிறது, ஆனால் ஒரு வேதம் முழுக்கக் கற்று நாலு பாஷ்யத்தில் ஒன்றை விளக்கவும் தெரியும் என்றால் அவர் பேரும் போடலாம். அதாவது நிலம் குறைந்தால் படிப்பால் ஈடுகட்டலாம், படிப்பு குறைந்தால் நிலத்தால் ஈடுகட்ட வழியில்லை. எழுதச் சொன்னவர்கள் எதைத் தங்கள் மூலதனமாக நினைத்தார்கள் என்பதற்கு இந்த ஒரு சலுகை போதும்.

அப்புறம், இது ஓட்டும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் சொன்னதில் பெரிய தப்பு இதுதான். முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு வார்டிலும் தகுதி உள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போட்டு, ஒன்றை எடுக்கிறார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல். வாரியம் என்றால் ஊர் வேலையைப் பார்க்கும் குழு. இப்படி வந்த முப்பது பேரில், ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், படிப்பிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று பார்த்து, ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தில் பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். ஒரு வருடம், முந்நூற்று அறுபது நாள்.

குலுக்கல் என்பதைச் சொன்னதும் சிலருக்கு முகம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது. ஆனால் குலுக்கலை ஏன் வைத்தார்கள் என்று கேட்டால்தான் இந்தக் கல்வெட்டு வாயைத் திறக்கிறது. உரிமை கொடுப்பதற்காக வைத்த ஏற்பாடாக அது தெரியவில்லை. ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் போனவர்கள் வைத்த ஏற்பாடாகத் தெரிகிறது. இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த விஷயம் இல்லை. அம்மாவிடம் கிடைத்தது.

அம்மாவின் சீட்டு

அம்மா இருபது வருடமாகக் குலுக்கல் சீட்டு நடத்துகிறாள். இருபது பேர், மாதம் ஆயிரம். முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். பேர் எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்கி, தெருவில் விளையாடும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சீட்டு முடிந்து எல்லாரும் போன பிறகு, அம்மா சொம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்வெட்டைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக இல்லை, சத்தமாகப் படித்தால்தான் அந்தப் பழைய வாக்கியம் எங்கே முறிகிறது என்று தெரியும்.

குடவோலை பறிக்கும்போது மகாசபையை, இளையவர் முதியவர் எல்லாரையும் சேர்த்து, முழுக்கக் கூட்ட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசை செய்பவர்கள், ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதான ஒரு நம்பி குடத்தைத் தூக்கிக்கொண்டு, மேலே பார்த்தபடி, எல்லாச் சனமும் காணும்படி நிற்க வேண்டும். பகலிலேயே நடக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் கட்டை எடுக்க வேண்டும். அந்தக் கட்டை இன்னொரு குடத்தில் போட்டுக் குலைக்க வேண்டும். அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். "அக்குடுத்த ஓலை மத்யஸ்தன் வாங்கும் போது அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையிலே ஏற்றுக்கொள்வானாகவும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "என்ன சொன்னே? அஞ்சு விரலையும் விரிச்சுக்கிட்டு வாங்கணும்னு எழுதியிருக்கா?"

"ஆமாம்மா. உள்ளங்கையில ஏந்தி வாங்கணும்."

"அப்போ அதுக்கு முன்னாடி எவனோ விரலை மடக்கியிருக்கான்டா."

அப்புறம்தான் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி, பையனிடமிருந்து சீட்டை வாங்கிப் படிக்கிற பொறுப்பில் இருந்தவள், தன் பேர் எழுதிய சீட்டை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வைத்திருந்தாளாம். பையன் கொடுத்ததை மடக்கிவிட்டு இதை விரித்துப் படித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து சீட்டை வாங்குகிறவர் வாங்குவதற்கு முன் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும், படித்ததும் பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டு பேரிடம் சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இது எங்கள் திண்ணையின் சட்டம். நான் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. கல்வெட்டில் அடுத்த வரி என்ன தெரியுமா? வாசித்த ஓலையை உள்மண்டபத்தில் இருந்த நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேரைப் பதிய வேண்டும்.

அந்த நிமிடம் கல்வெட்டு எனக்குத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது போல இருந்தது. இத்தனை நாளும் அதை ஒரு சாதனைப் பட்டியலாகப் படித்திருக்கிறேன். அது ஒரு புகார்ப் பட்டியல். நான் சம்பளம் வாங்குகிற வேலையே இதுதான், ஆனாலும் கண்ணில் படவில்லை. ஓர் அலுவலகத்தில் 'காசோலைப் புத்தகத்தை இரண்டு பேர் சாவியில் வைக்க வேண்டும்' என்று சுற்றறிக்கை வந்திருந்தால், அதற்கு முந்தைய வருடக் கோப்பைத் தேட வேண்டும் என்பது தணிக்கைக்காரனின் முதல் பாடம். யாரும் சும்மா சுற்றறிக்கை எழுதுவதில்லை.

இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு கை தெரிகிறது. குடம் தூக்குகிறவர் மேலே பார்க்க வேண்டும், குடத்துக்குள் பார்க்கக் கூடாது. பகலில் நடக்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் வேண்டாம். கட்டு எடுத்த குடத்திலேயே ஓலை எடுக்கக் கூடாது, வேறு குடத்துக்கு மாற்றிக் கலைக்க வேண்டும், ஏனென்றால் கட்டிய வரிசை கட்டியவனுக்குத் தெரியும். நம்பிமார் ஒருவர்கூட வெளியில் இருக்கக் கூடாது, பிறகு 'நான் பார்க்கவில்லை' என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இதில் ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. ஐந்து விரலும் அகல வைக்க வேண்டியவர் யார்? மத்தியஸ்தன். கல்வெட்டை எழுதியவர் யார்? மத்தியஸ்தன். கீழே போனால் கணக்கு எழுதுவதைப் பற்றி இன்னொரு விதி வருகிறது. மத்தியஸ்தரிலும் பொருள் விஷயத்தில் சுத்தமானவனே கணக்கு எழுத வேண்டும். எழுதியவன் பெருமக்கள் முன்னால் கணக்கைக் காட்டி, சுத்தன் என்று ஆன பிறகுதான் அடுத்த கணக்கில் கை வைக்கலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும், வேறு கணக்கர் புகுந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் மேசையில் ஒட்டி வைக்கலாம். முந்தைய குமாஸ்தா மாற்றலாகிப் போய்விட்டார் சார் என்று ஆரம்பிக்கிற கதைகளை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

அந்த விதிகளை, தன் இனத்துக்கே போட்ட கடிவாளத்தை, பெருமக்கள் சொல்லச் சொல்ல அந்த மத்தியஸ்தன் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பது கல்லில் இல்லை.

இரண்டு வருடத்தில் என்ன நடந்தது

ஒரு சான்றை ஏன் எழுதினார்கள் என்று அறிய, பக்கத்தில் இன்னொரு சான்று இருந்தால் வேலை சுலபம். உத்திரமேரூரில் அந்த அதிர்ஷ்டம் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஒன்று இல்லை, இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. 1898-ல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தார்கள், பிறகு கல்வெட்டு அறிஞர் வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக வெளியிட்டார். முதலாவது பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. இரண்டாவது 14-ஆம் ஆண்டு, பதினாறாம் நாள், 921. நாம் மேடையில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

முதலாவதிலும் குடவோலை உண்டு, முப்பது குடும்பு உண்டு, கால் வேலி நிலம் உண்டு. ஆனால் வயது முப்பதிலிருந்து அறுபது. இரண்டு வருடத்தில் அது முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆகிவிட்டது. முப்பதுகளின் ஆரம்பத்தில் இருந்தவர்கள் வெளியே, அறுபதைத் தாண்டியவர்கள் உள்ளே. முதலாவதில் உறவினர் விஷயம் சுருக்கமாக வருகிறது. இரண்டாவதில் அது விரிந்து ஒரு குடும்ப மரமே ஆகிவிடுகிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவன் மட்டும் இல்லை, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தான், மருமகன் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அத்தை மகனைத் தனியாகவும் மாமன் மகனைத் தனியாகவும் எழுத வேண்டிய அவசியம் என்ன? 'உறவினர்' என்று பொதுவாக எழுதினால் போதாது என்று ஆகியிருக்கிறது. 'அத்தை மகன் உறவினரா, அது வேறு குடும்பு ஆயிற்றே' என்று யாரோ வாதாடியிருக்க வேண்டும். நம் ஊர்ச் சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் புதிதில்லை.

ஆக, நாம் கொண்டாடுகிற அந்தக் கல்வெட்டு, முதல் ஏற்பாடு இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்பதற்கான சாட்சி. 919-இல் ஒழுங்காக நடந்திருந்தால் 921-இல் கல் வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

இங்கே ஒரு பிரேக் போட வேண்டும், ஏனென்றால் அம்மாவின் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் ரொம்ப தூரம் ஓடிவிட்டேன். விலக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருக்கும் எல்லாக் குற்றமும் உத்திரமேரூரில் நடந்தது என்று ஒரு நண்பரிடம் சொல்லி, அவர் என்னை உட்கார வைத்துவிட்டார். பட்டியலில் மகாபாதகங்கள் வருகின்றன, சாதியிலிருந்து தள்ளப்பட்ட பதிதரோடு சேர்ந்தவர்கள் வருகிறார்கள், பிராயச்சித்தம் செய்தவர்கள் வருகிறார்கள். இவை தர்மசாஸ்திரங்களில் எப்போதும் இருக்கும் வரிசை. வேதம் படித்தவர்கள் கூடி ஒரு விதியை எழுதும்போது, வழக்கறிஞர் ஒப்பந்தம் எழுதும்போது பழைய வாசகங்களை அப்படியே இறக்குவதைப் போல, இவையும் தானாக வந்து விழும். பிராமணக் கொலை செய்தவன் சம்வத்சர வாரியத்தில் இருந்தான் என்று அதிலிருந்து முடிவு கட்டினால் அது அசட்டுத்தனம்.

அப்படியென்றால் எதை நம்புவது? எனக்குத் தெரிந்த வழி, எந்த வரி வேறு எந்த ஊருக்கும் பொருந்துமோ அதை ஒரு பக்கம் வை, எந்த வரி இந்தக் குடத்துக்கும் இந்த மண்டபத்துக்கும் மட்டுமே பொருந்துமோ அதை மறுபக்கம் வை என்பதுதான். மகாபாதகம் முதல் பக்கம். அஞ்சு விரல் மறுபக்கம். எந்தச் சாஸ்திரத்திலிருந்தும் அஞ்சு விரலை இறக்க முடியாது, குடத்தின் பக்கத்தில் நின்று ஏமாந்தவனால்தான், அல்லது ஏமாந்துவிடுவோம் என்று பயந்தவனால்தான் எழுத முடியும். அந்த 'அல்லது' முக்கியம். பயம் இருந்தது என்பது உறுதி, களவு நடந்தது என்பது ஊகம்தான். அம்மா இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். கணக்குக் காட்டாதவர்கள் விஷயத்தில் மட்டும் நானும் அம்மா பக்கம். அத்தனை உறவு முறையையும் அத்தனை துல்லியமாகத் தேடித் தேடி அடைக்கிறார்கள் என்றால், அடைக்கப்பட்ட ஆட்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

யாருக்காக

கல்வெட்டு நமக்காக எழுதப்படவில்லை. சொன்னால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் நேரில் போய் நின்றால்தான் உறைக்கிறது. போன மாசி மாதம் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். எழுத்து வரிசை வரிசையாகக் கல்லைச் சுற்றி ஓடுகிறது, நடுநடுவே கிரந்த எழுத்து. முழங்காலை மடக்கி உட்கார்ந்தால்தான் சில வரிகள் கண்ணுக்கு நேராக வருகின்றன. அன்றைக்கு ஊரில் நடந்து போன உழவர் இதை வாசித்திருப்பாரா? வாய்ப்பு குறைவு. வாசிக்கக் கூடியவர்கள், வாசிக்க வேண்டியவர்கள், மண்டபத்துக்குள் உட்கார்ந்திருந்த அதே சபையார். அவர்களுக்குள் அடுத்த வருடம் தகராறு வந்தால், சுவரைக் கைகாட்டலாம். ஓலை தொலையும், ஓலை திருத்தப்படும், குமாஸ்தா மாறுவான். கல்லில் அத்தை மகன் என்று வெட்டினால் அத்தை மகன்தான்.

இன்னொரு வாசகர் இருந்தார். அரசன். இரண்டு கல்வெட்டிலும் அரசனின் ஸ்ரீமுகம், அதாவது ஆணை ஓலை, வந்ததாகவும் அதன்படி ஓர் அதிகாரி உடன் இருந்து இதைச் செய்வித்ததாகவும் வருகிறது. அந்த ஸ்ரீமுகத்தின் வாசகம் கல்லில் இல்லை, வந்தது என்ற செய்தி மட்டும்தான். அரசன் என்ன சொன்னான் என்பதைச் சபை சொல்லித்தான் கேட்கிறோம். உத்திரமேரூர் பல்லவர் காலத்து ஊர். ஏரி வாரியம் போன்றவை சோழர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவை. பராந்தகனின் அப்பா ஆதித்தன்தான் இந்த ஊர் இருக்கும் தொண்டை நாட்டைப் பல்லவரிடமிருந்து பிடித்தவன். ஆக, ஒரு தலைமுறைக்கு முன்புதான் கைமாறிய நாட்டில், பழைய செல்வாக்குள்ள ஒரு சபையில், யார் வாரியத்தில் உட்காரலாம் என்று ஏற்பாடு செய்யும்போது சோழ அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இது கிராமத் தன்னாட்சியா, மத்திய அரசின் தலையீடா என்று கேட்டால், இரண்டு தரப்பும் இதே வரியைத்தான் மேற்கோள் காட்ட முடியும். சபைதான் முடிவு செய்தது, 'வ்யவஸ்தை செய்தோம்' என்று அதுவே சொல்கிறது. ஆனால் ஆணையினால் செய்தோம், அதிகாரி இருந்து செய்தோம் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. தங்களுக்குள் ஒரு கோஷ்டியை வெளியே தள்ளும்போது, அரசன் பேரும் கூட இருந்தால் நல்லது என்று சபைக்குத் தோன்றியிருக்கலாம்.

அந்த அதிகாரிகள் பெயரில் ஒரு சின்ன விஷயம். 919-இல் வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். வேளான் என்பது வேளாளத் தலைவர்களுக்கு அரசன் தரும் பட்டம். 921-இல் வந்தவர் சோழ நாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகர்க் கரஞ்சை கொண்டயக் கிரமவித்த பட்டனாகிய சோமாசிப் பெருமான். மூச்சு விடாமல் சொல்லிப் பாருங்கள். வேதம் படித்த, சோம யாகம் செய்த பிராமணர் என்பது பெயரிலேயே இருக்கிறது. வேதம் ஓதுகிறவர்களின் சபைச் சண்டையை முதல் தடவை ஒரு வேளான் வந்து தீர்க்கப் பார்த்தார், எடுபடவில்லை, இரண்டாம் தடவை அவர்களில் ஒருவர் மாதிரியே ஒருவரை அனுப்பினார்கள் என்று கதை கட்ட ஆசையாக இருக்கிறது. இரண்டு பெயரை வைத்துக்கொண்டு கட்டுகிற கதை, அவ்வளவுதான். தணிக்கை அறிக்கையில் எழுதமாட்டேன், இங்கே எழுதுகிறேன்.

ஏன் செய்தோம் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். "நம் கிராமத்து அப்யுதயமாக துஷ்டர் கெட்டு விசிஷ்டர் வர்த்திப்பதாக." ஊர் செழிக்க, துஷ்டர்கள் ஒழிந்து மேலானவர்கள் தழைக்க. பள்ளிக்கூடத்தில் இந்த வரியைத்தான் உருக்கமாக வாசித்து முடித்தேன். இப்போது படித்தால், விசிஷ்டர் யார் என்பதற்கு விசிஷ்டரின் சாட்சியம் மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது. துஷ்டர்கள் தங்கள் தரப்பைக் கல்லில் வெட்டவில்லை, வெட்டச் சுவர் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். கணக்குக் காட்டாதவன் உண்மையிலேயே தின்றவனா, அல்லது கணக்கைக் கேட்டவர்களோடு ஒத்துவராதவனா? அவனுடைய மாமன் மகன் என்ன பாவம் செய்தான்? தண்டனையாக அவனுக்கு வாழ்நாள் முழுக்கக் குடத்தில் இடமில்லாமல் போயிருக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்தச் சுவரில் இருப்பது 'இப்படிச் செய்ய வேண்டும்' என்பது. 'இப்படிச் செய்தோம்' என்பது இல்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை குடவோலை வாரியமே இடுவதாக என்கிறார்கள், எந்த வருடம் எந்தக் குடும்பில் யார் பேர் வந்தது என்ற பட்டியல் பக்கத்தில் இல்லை. ஒரு சங்கத்தின் துணைவிதிப் புத்தகத்தை மட்டும் என் கையில் கொடுத்து, சங்கம் ஒழுங்காக நடந்தது என்று கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவேனா? ரொக்கப் புத்தகம் எங்கே என்றுதானே கேட்பேன்.

இதையெல்லாம் சொன்னால் 'அப்போ அது ஒண்ணுமே இல்லையா' என்று கேட்கிறார்கள். எனக்கு அது முன்னைவிடப் பெரிதாகத்தான் தெரிகிறது. பழம்பெருமை மேடையில் அது ஒரு சொல்லாக இருந்தது, இப்போது அதில் ஆட்கள் இருக்கிறார்கள். மேலே பார்த்தபடி குடத்தைத் தூக்கிக் கை வலிக்க நிற்கிற கிழவர், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் கையை விடுகிற பையன், ஊரே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க உள்ளங்கையை நீட்டுகிற கணக்கர்.

அந்தப் பையனுக்கு, ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு, தப்பாகச் சொன்ன பதிலைத் திருத்த வேண்டும் என்று போன மாதம் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டேன். எழுதியவர் பராந்தகன் இல்லை, மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்களப்பிரியன் என்று சொல்லச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பேரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம், "சொல்லிடறேன் சார். ஆனா பரீட்சையில அவன் பராந்தகன்னே எழுதட்டும், ஒரு மார்க்கு போயிடும்" என்றார்.